கர்டரின் மேல் விளிம்பை யார் பிடிப்பது?

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஷீட் கோடவுன். 7 மீட்டர் நீளக் கர்டரின் நடுவில், மேலே தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டின் கால் வந்து நிற்கும். அதில் 3 டன். ஃபேப்ரிகேட்டர் எடுத்து வைத்திருந்தது ஐ.எஸ்.எம்.பி. 300 என்ற ‘I’ வடிவ இரும்பு. உயரம் 300 மில்லிமீட்டர், அகலம் 140.

இரும்பின் பலத்தை மட்டும் பார்த்தால் கவலையில்லை. பாதுகாப்புக் காரணிகளோடு வரும் வளைவு சுமார் 83 கிலோநியூட்டன்-மீட்டர். கர்டர் 148 வரை தாங்கும். ஆனால் அந்த 148, மேல் பிளாஞ்ச், அதாவது ‘I’-யின் மேல் பட்டை, பக்கவாட்டில் நகராது என்று வைத்துப் போட்ட கணக்கு. இங்கே இரண்டு முனையைத் தவிர எங்கேயும் பிடிமானம் இல்லை. பாதுகாப்பான பக்கமாக, நீளம் முழுக்க ஒரே வளைவு என்று எடுத்து, இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 800 முறையில் போட்டால் 48 வாக்கில்தான் வருகிறது.

காரணம் இதுதான். கர்டர் வளையும்போது மேல் பிளாஞ்ச் நெருக்கப்படுகிறது, கீழ் பிளாஞ்ச் இழுபடுகிறது. நெருக்கப்படும் மெலிந்த பட்டை எந்தப் பக்கம் இளக்கமோ அந்தப் பக்கம் நழுவப் பார்க்கும். செங்குத்தாக இருப்பதில் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு விறைப்புதான் இந்தக் கர்டருக்குப் பக்கவாட்டில். இழுபடும் கீழ் பிளாஞ்ச் நேராகவே நிற்க முயல்கிறது. மேலே நகர்கிறது, கீழே நகர மாட்டேன் என்கிறது. ஆகவே கர்டர் சாய்வதோடு முறுகவும் செய்கிறது. அடிஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வளைத்துப் பார்த்தால் தெரியும். சுமை மேலே உட்கார்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். முறுகும்போது சுமையும் கூடவே நகர்ந்து, மேலும் தள்ளும்.

நடுவில் ஓர் ஆங்கிள் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

“கீழ வச்சா ஏணியில நின்னே வெல்டு பண்ணிரலாம் சாரே. மேல எதுக்கு?”

“கீழ உள்ளது எங்கேயும் போகாதுண்ணே. ஓடப் பாக்கறது மேல உள்ளதுதான்.”

நடுவில் மேல் பிளாஞ்சைப் பிடித்ததும் நழுவக்கூடிய நீளம் 3.5 மீட்டர். அதே கர்டர் இப்போது 95 தாங்கும். இத்தனைக்கும் அந்த ஆங்கிளுக்குப் பெரிய வேலையில்லை. பிளாஞ்சில் உள்ள நெருக்கு விசையில் 2.5 சதவீதம், இங்கே முக்கால் டன்னுக்குள்தான். ஆனால் மறுமுனை அசையாத ஒன்றில் முடிய வேண்டும். பக்கத்துக் கர்டரோடு மட்டும் கட்டினால் இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் சாயலாம். நாங்கள் சுவரிலிருந்த கான்கிரீட் பீமில் போல்ட் போட்டு முடித்தோம்.

எப்போதும் மேல் பிளாஞ்ச்தான் என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. ஆரல்வாய்மொழிப் பக்கம் ஷீட் கூரை போட்டால், காற்று கூரையை மேலே உறிஞ்சும்போது கூரையைத் தாங்கும் ராஃப்டரின் வளைவு தலைகீழாகிறது. அப்போது நெருக்கப்படுவது கீழ் பிளாஞ்ச். ராஃப்டரின் மேலே குறுக்காக ஓடி ஷீட்டைத் தாங்கும் பர்லின்கள் அதைப் பிடிப்பதில்லை. பர்லினிலிருந்து கீழ் பிளாஞ்சுக்குச் சாய்வாக ஒரு சின்ன ஆங்கிள் இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பது அதனால்தான். பல ஷெட்டுகளில் அது இருப்பதில்லை.