வைப்புக் காசில் ஆருக்கு எவ்வளவு: தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

வைப்பு முதிர்ந்ததுக்கு வங்கி தந்த துண்டின் படம் கிடைச்சுது. கணக்கைப் பார்த்தேன், சரியாத்தான் இருக்கு. என்ர 12 இலட்சம், உன்ர 8 இலட்சம், மொத்தம் 20 இலட்சம். 8 வீதப்படி ஒரு வருச வட்டி 160,000. அதில 10 வீதத்தை வரியாகப் பிடிச்சிருக்கிறாங்கள், 16,000. மிச்சம் 144,000 முதலோட சேர்ந்து இப்ப 2,144,000. இலங்கையில 2025 ஏப்ரலுக்கு முந்தி அந்த வரி 5 வீதமாயிருந்தது. பழைய துண்டோட ஒப்பிட்டுக் குழம்பாதே.

இனி நீ சொன்ன விசயம். புதுப்பிக்கேக்க 107,200 ரூபா கூடப் போடப்போறாய். போடு, நல்லது. ஆனா கொப்பியில ‘நான் 907,200, அண்ணா 1,200,000’ எண்டு மட்டும் எழுதினால் பங்கு பிழைச்சுப்போகும். உன்ர புதுக் காசு போன வருச வட்டியை உழைக்கேல்லை, பழைய காசுதான் உழைச்சது. போட்ட காசை மட்டும் கூட்டிப் பங்கு பிரிச்சால் அந்த வட்டியிலயும் புதுக் காசுக்குப் பங்கு போகும்.

அதுக்கு ஒரு சின்ன வழி இருக்கு. தொடங்கேக்க 1,000 ரூபாவை ஒரு பங்கெண்டு வை. எனக்கு 1,200, உனக்கு 800, மொத்தம் 2,000 பங்கு. இப்ப 2,144,000ஐ 2,000ஆல பிரிச்சால் ஒரு பங்கின் விலை 1,072 ரூபா. நீ போடுற 107,200க்கு அந்த விலையில 100 பங்கு வரும். இப்ப உனக்கு 900, எனக்கு 1,200. மொத்தக் காசு 2,251,200. அதில என்ரது 1,286,400, உன்ரது 964,800. போட்ட காசை வைச்சுப் பிரிச்சிருந்தால் என்ர பங்கு 1,282,000 அளவிலதான் வந்திருக்கும். நாலாயிரத்துச் சொச்சம் வித்தியாசம். இந்த முறை சின்னத் தொகை, ஆனா ஒவ்வொரு வருசமும் இப்பிடிச் சேர்ந்துகொண்டு போகும். நான் இடையில காசு அனுப்பினால் எனக்கும் இதே கணக்குத்தான். புதுப்பிக்கிற நாளில பங்கு விலையை முதல் எழுது, பிறகு புதுக் காசைச் சேர். ஒழுங்கு மாறினால் விலை பிழைக்கும்.

நான் அனுப்புற காசை, நான் இங்க கட்டின தொகையில எழுதாதே. இடையில கட்டணமும் மாற்று விலையும் போகும். கணக்கில விழுந்த ரூபா எவ்வளவோ, விழுந்த திகதியோட அதைத்தான் எழுதவேணும். நான் அனுப்பின பற்றுச்சீட்டு ஒண்டும் சொல்லாது. பாஸ்புத்தகப் பதிவுதான் சாட்சி.

அடுத்தது, படம் எடுத்து அனுப்புறது போதாது. உன்னில சந்தேகம் எண்டில்லை, அந்தத் தாளின் குறையைச் சொல்லுறேன். வைப்பை ஈடாக வைச்சு வங்கியில கடன் எடுக்கலாம். எடுத்தாலும் வைப்புச் சான்றிதழில பழைய தொகைதான் கிடக்கும். படத்தைப் பார்க்கிறவனுக்குக் கடன் இருக்கிறது தெரியாது. முதிரேக்க கடனும் அதின்ர வட்டியும் கழிஞ்சு வரேக்கதான் விளங்கும். அதாலை வருசத்துக்கு ஒருக்கா வங்கியிட்ட நிலுவை உறுதிக் கடிதம் கேள். அதில வைப்பின் மேல கடனோ, ஈட்டுரிமையோ இருக்கா இல்லையா எண்டும் எழுதித் தரச்சொல்லு. கேட்காட்டி வெறும் மீதியை மட்டும் எழுதித் தருவாங்கள். கடிதம் இரண்டு பேரின் பெயரிலயும் இருக்கட்டும்.

கணக்கைத் திறக்கேக்க ‘ஒருவர் அல்லது மற்றவர்’ எண்டு கையெழுத்து நிபந்தனை போட்டிருக்கிறமோ, ‘இருவரும்’ எண்டோ, அதையும் ஒருக்காப் பார். ‘இருவரும்’ எண்டால் நான் இங்க இருக்க அவசரத்துக்கு எடுக்கக் கஷ்டம். ‘ஒருவர்’ எண்டால் மற்றவருக்குத் தெரியாமல் எடுக்கலாம். நான் சொல்லுறது: வீட்டுச் செலவு போகிற சேமிப்புக் கணக்கு ‘ஒருவர்’ ஆகவும், வைப்பு ‘இருவரும்’ ஆகவும் இருக்கட்டும்.

அம்மாவின்ர மருந்துச் செலவுக்கு வைப்பைத் தொடாதே. முதிர முந்தி உடைச்சால் ஒப்பந்த வட்டி கிடைக்காது, குறைஞ்ச வட்டிதான் தருவாங்கள். புதுப்பிக்கிற நாளில அதுக்கெண்டு எடுக்கிறதெண்டால் பங்கிலயே கழி: 64,320 எடுத்தால் அண்டைக்கு 60 பங்கு, அரைவாசி உன்னில, அரைவாசி என்னில, 30 படி. ‘அம்மாவுக்கு’ எண்டு பக்கத்தில எழுதினால் போதும்.

கொப்பியில இந்த வருசக் கணக்கை எழுதி, மச்சானுக்கும் காட்டிப்போட்டு ஒரு படம் அனுப்பு. நான் என்ர பக்கத்தில போட்ட கணக்கோட ஒத்துப் பார்க்கிறேன்.

அண்ணா