51,300 ரூபாயைத் தேடிய நான்கு நாட்கள்

பாம்பனில் ஒரு கருவாட்டுக் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஏப்ரல் 15 வந்தால் தடைக்காலம். 61 நாள் விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கும், கடைக்கு வரும் சரக்கு பாதியாகிவிடும். அதைச் சமாளிக்க முதலாளி வங்கிக் கடனுக்கு மனுப் போட்டிருந்தார். எங்கள் ஏட்டில் உள்ள வங்கி இருப்பும் வங்கி அறிக்கையின் இருப்பும் ஏன் வேறுபடுகின்றன என்று காட்டும், மார்ச் 31 தேதியிட்ட வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் வேண்டும் என்று ஆடிட்டர் அலுவலகத்தில் கேட்டார்கள். ஒரு மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முதல் அலைச்சல் வங்கி அறிக்கைக்கு. ஏப்ரல் 1 அன்று பஸ் ஏறி ராமநாதபுரம் போனால் கிளையின் கதவு பாதி மூடியிருந்தது. ஆண்டுக் கணக்கு முடிப்பதால் அன்று வாடிக்கையாளர் வேலை கிடையாது. எனக்கு அது நினைவில்லாமல் போய்விட்டது. மறுநாள் போனேன். நடப்புக் கணக்கு அறிக்கை வேண்டுமென்றால் முதலாளி கையெழுத்தும் கடை முத்திரையும் போட்ட கடிதம் வேண்டும் என்றார் எழுத்தர். முதல் நாள் வாசலில் நின்ற ஊழியரிடம் என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டபோதே இதைச் சொல்லியிருக்கலாம். மூன்றாவது நாள்தான் அறிக்கை கைக்கு வந்தது. நீங்கள் போவதாக இருந்தால் கடிதத்தோடு போங்கள். மார்ச் 1 முதல் 31 முடிய என்று தேதியைக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

எங்கள் ரொக்க ஏட்டில் வங்கி இருப்பு 1,42,660 ரூபாய். அறிக்கையில் 1,85,270. இரண்டையும் பக்கத்தில் வைத்து டிக் போட்டேன். ஐஸ் கம்பெனிக்கு 28ஆம் தேதி கொடுத்த 38,500 ரூபாய் காசோலையை அவர்கள் இன்னும் வங்கியில் போடவில்லை. தங்கச்சிமடத்துப் படகுக்காரர் ஒருவருக்கு டிசம்பர் 20 அன்று கொடுத்த 6,000 ரூபாய் காசோலையும் அப்படியே நின்றது. மதுரை வியாபாரி கொடுத்த 45,000 ரூபாய் காசோலையை 30ஆம் தேதி மாலை போட்டிருந்தோம், 31க்குள் வரவாகவில்லை. தூத்துக்குடி கம்பெனி 68,000 ரூபாயை நெஃப்டில் நேராகக் கணக்கில் போட்டிருக்கிறது. செய்தி முதலாளியின் போனுக்குத்தான் வந்திருக்கிறது, ஏட்டுக்கு வரவில்லை. இவற்றோடு 27,000 ரூபாய் காசோலை ஒன்று திரும்பியிருந்தது, அதற்கு வங்கி பிடித்த கட்டணம் 590.

ஏட்டு இருப்பிலிருந்து தொடங்கிக் கூட்டிக் கழித்தேன். 2,36,570 வந்தது. வங்கி சொல்வது 1,85,270. வித்தியாசம் 51,300 ரூபாய்.

அன்று இரவு வரை 51,300 என்ற தொகையைத் தேடினேன். ஏட்டில் இல்லை, அறிக்கையில் இல்லை, பில் கட்டிலும் இல்லை. ஒரு பதிவைக் கூட்டுவதற்குப் பதில் கழித்தாலோ, கழிப்பதற்குப் பதில் கூட்டினாலோ வித்தியாசம் அந்தப் பதிவின் தொகையைப் போல இரட்டிப்பாகும் என்று படித்தது நினைவு வந்தது. பாதியாக்கிப் பார்த்தேன். 25,650. அதுவும் எங்கும் இல்லை. முதலாளி என்னைச் சந்தேகப்படுவாரோ என்ற பயத்தில் அன்று தூக்கமே வரவில்லை.

மறுநாள் ஆடிட்டர் அலுவலகத்தில் மூத்தவராக இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "தம்பி, வித்தியாசத்தைத் தேடாதீங்க. ரெண்டு தப்பு சேர்ந்து இருந்தா அந்தத் தொகை எங்கயுமே கிடைக்காது. டிக்கை எல்லாம் அழிச்சிட்டு முதல்ல இருந்து போடுங்க. நம்பரை மட்டும் பார்க்காம தொகையைப் பாருங்க" என்றார்.

பென்சில் டிக்கை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பதினோராவது வரியில் மாட்டியது. டீசல் பங்க்குக்குக் கொடுத்த காசோலை. ஏட்டில் 18,540, அறிக்கையில் 15,840. காசோலையின் அடிக்கட்டையை எடுத்துப் பார்த்தேன், 15,840 என்றுதான் இருக்கிறது. ஏட்டில் 5ஐயும் 8ஐயும் இடம் மாற்றி எழுதியது நான். முதல் தடவை காசோலை எண் ஒத்துப்போனதும் டிக் போட்டுவிட்டுத் தாண்டியிருக்கிறேன். வித்தியாசம் 2,700. இலக்கங்கள் இப்படி இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும். 2,700ஐ ஒன்பதால் வகுத்தால் 300. தவறு இது ஒன்றுதான் என்றால், இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று இந்தச் சோதனையே காட்டிக் கொடுத்திருக்கும்.

ஏட்டில் செலவை 2,700 கூடுதலாக எழுதியிருக்கிறேன், எனவே அதைக் கூட்ட வேண்டும். கூட்டியதும் வித்தியாசம் குறையவில்லை, 54,000 ஆகிவிட்டது. ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் பாதியாக்கினேன். 27,000! திரும்பி வந்த காசோலை.

'ரிட்டர்ன்' என்ற சொல்லைப் பார்த்ததும் பணம் திரும்பி வந்ததாக மனது எடுத்துக்கொண்டு கூட்டிவிட்டது. நடந்தது நேர் எதிர். அந்தக் காசோலையை வங்கியில் போட்ட அன்றே ஏட்டில் 27,000 வரவு வைத்துவிட்டேன். வங்கியோ வரவு வைத்து, காசு இல்லை என்று தெரிந்ததும் எடுத்துவிட்டது. ஏட்டில் மட்டும் 27,000 நிற்கிறது. வங்கி இருப்பு அந்த அளவு குறைவு, அதனால் கழிக்க வேண்டும். இப்போதெல்லாம் ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்விதான் கேட்டுக்கொள்கிறேன்: இந்த வரியால் வங்கி இருப்பு ஏட்டை விடக் கூடுதலாக நிற்கிறதா, குறைவாக நிற்கிறதா? கூடுதல் என்றால் கூட்டு, குறைவு என்றால் கழி. காசோலையின் பெயரையோ வங்கி போட்ட குறிப்பையோ பார்த்து முடிவு செய்வதில்லை.

கழித்ததும் 1,85,270 சரியாக வந்தது. எழுந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

பட்டியலை அனுப்பிய அன்றே அக்கா திருப்பி அழைத்தார். "டிசம்பர் காசோலையை ஏன் இன்னும் நிலுவையில வச்சிருக்கீங்க?" காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம். 2012 ஏப்ரல் 1 முதல் ரிசர்வ் வங்கி ஆறு மாதத்தை மூன்றாகக் குறைத்துவிட்டது. டிசம்பர் 20 காசோலை மார்ச் 20க்கு மேல் செல்லாது. அதை நிலுவையில் வைத்தாலும் கூட்டல் சரியாகத்தான் வரும், அதனால்தான் கண்ணில் படவில்லை. செய்ய வேண்டியது, ஏட்டில் வங்கி இருப்பில் 6,000ஐச் சேர்த்து, படகுக்காரர் கணக்கில் கடனாகத் திருப்பி எழுதுவது. வருமானமாக எழுதக் கூடாது. மீன் கொடுத்தவருக்கு நாம் இன்னும் தர வேண்டிய பணம் அது.

சரி, ஏட்டைத் திருத்தினேன். 68,000, 2,700, 6,000 கூட்டல். 27,000, 590 கழித்தல். புது இருப்பு 1,91,770. பட்டியலில் மிஞ்சியது இரண்டே வரி. புது இருப்புடன் 38,500ஐக் கூட்டி 45,000ஐக் கழித்தால் வங்கியின் 1,85,270. இந்த இரண்டுக்கும் ஏட்டில் எதுவும் எழுத வேண்டாம், நாட்கள் போனால் தானே சரியாகும். ஏப்ரல் அறிக்கையில் 45,000 இரண்டாம் தேதியும் 38,500 ஆறாம் தேதியும் வந்திருந்தன.

என்னை உறுத்துவது 27,000தான். காசோலை மார்ச் 20 அன்றே திரும்பியிருக்கிறது. வங்கி திருப்பு மெமோவை அனுப்பவில்லை, நாங்களும் அறிக்கை பார்க்கவில்லை. இரண்டு வாரம் அந்தக் காசோலையைக் கொடுத்த வியாபாரிக்கு மேலும் சரக்கு ஏற்றிவிட்டோம். காசோலை திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பினால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்குப் போட முடியும். மறுபடி ராமநாதபுரம் போய், கவுன்டரில் நின்று, 8ஆம் தேதி மெமோவை வாங்கினேன். அன்றே வக்கீலிடம் கொடுத்தோம். இப்போது வாரா வாரம் சனிக்கிழமை அறிக்கையை ஏட்டோடு ஒத்துப் பார்க்கிறேன்.