முதல் இன்கிரிமென்ட் எந்த மாதச் சம்பளத்தில் வரும்?

ஆஃபர் பேசும்போது நம்மில் பெரும்பாலோர் ஹைக் எத்தனை சதவீதம், வேரியபிள் எவ்வளவு என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அப்ரைசல் பற்றிக் கேட்டாலும் "அப்ரைசல் எப்போ?" என்று பொதுவாகத்தான் கேட்கிறோம், அதற்கு "ஏப்ரல்ல சார், வருஷா வருஷம் எல்லாருக்கும் நடக்கும்" என்று பதில் வரும். அது பொய்யில்லை. ஆனால் அந்த "எல்லாரும்" கணக்கில் நாம் இருக்கிறோமா என்பது நாம் சேரும் தேதியைப் பொறுத்தது, அதை ரெக்ரூட்டர் தானாகச் சொல்லமாட்டார். மறைக்கிறார் என்று சொல்லவரவில்லை. அவருடைய வேலை ஆளைச் சேர்ப்பதோடு முடிகிறது, இன்கிரிமென்ட் கணக்கு ஹெச்ஆரில் வேறு டீமிடம் இருக்கிறது, பாதி நேரம் அவருக்கே தெரியாது. அதுவும் நம்மிடம் பேசுவது கன்சல்டன்சி ஆள் என்றால் சுத்தம்.

போன முறை நான் கம்பெனி மாறியபோது நடந்ததைச் சொல்கிறேன். ஓஎம்ஆரில் ஒரு சர்வீஸ் கம்பெனி. ஃபிக்ஸட் 14 லட்சம் என்று வாய்வார்த்தையாக முடிவாகியிருந்தது, லெட்டர் இன்னும் வரவில்லை. பழைய இடத்தில் 90 நாள் நோட்டீஸ், அந்தக் கணக்கில் அக்டோபர் 6 தான் சேர முடியும். ரெக்ரூட்டர் போன் செய்தபோது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்: "மேடம், நான் அக்டோபர் 6 சேர்ந்தால் எனக்கு முதல் இன்கிரிமென்ட் எந்த மாதச் சம்பளத்தில் கையில் வரும்?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "செக் பண்ணிட்டுச் சொல்றேன் சார்" என்றார்.

மறுநாள் பதில் வந்தது. அவர்களுடைய சைக்கிள் ஏப்ரல் முதல் மார்ச் வரை. செப்டம்பர் 30-க்குள் சேர்ந்தவர்கள்தான் வரும் ஏப்ரல் இன்கிரிமென்ட்டுக்குத் தகுதி, அதற்கு அப்புறம் சேர்ந்தால் அதற்கும் அடுத்த வருட ஏப்ரல்தான். இதைத்தான் கட்-ஆஃப் தேதி என்பார்கள், சில இடங்களில் டிசம்பர் 31 என்றும் வைத்திருக்கிறார்கள். அதாவது ஆறு நாள் தள்ளிச் சேர்வதால் 18 மாதம் அதே சம்பளம். அதோடும் முடியவில்லை. ஏப்ரல் இன்கிரிமென்ட் என்றால் ஏப்ரலில் கைக்கு வராது, லெட்டர் ஜூன் கடைசியில்தான் வரும், ஜூலை சம்பளத்தில் ஏப்ரலிலிருந்து அரியரோடு போடுவார்கள். வீட்டு லோன் இஎம்ஐ வைத்திருப்பவர்களுக்கு அந்த மூன்று மாதமும் ஒரு கணக்குதான்.

நஷ்டம் எவ்வளவு என்று போட்டுப் பார்த்தேன். சுமாராக 8 சதவீத ஹைக் என்று வைத்துக்கொண்டால் 14 லட்சத்துக்கு வருடம் 1,12,000. இதை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போகலாம் என்றுதான் முதலில் தோன்றியது, ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது: செப்டம்பரில் சேர்ந்தவருக்கு முழு ஹைக்கா, அவர் இருந்த மாதங்களுக்கு மட்டுமா? கேட்டால், ப்ரோ-ரேட்டாதான், ஆறு மாதம் இருந்தால் பாதி. ஆக உண்மையான வித்தியாசம் முதல் வருடத்துக்கு 56,000. அடுத்த ஹைக்கும் குறைந்த தொகையின் மேல்தான் ஏறும் என்பதால் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும், இருந்தாலும் பேசவேண்டிய தொகை லட்சம் இல்லை, அறுபதாயிரம் பக்கம். இந்தத் தெளிவு இல்லாமல் லட்சக் கணக்கில் கேட்டிருந்தால் அவர்கள் ஹெச்ஆர் ஒரே வரியில் மடக்கியிருப்பார்.

முதலில் தேதியை முன்னால் நகர்த்தப் பார்த்தேன். அந்தச் சில நாட்களுக்கு நோட்டீஸ் பை-அவுட் பணம் கட்டிவிடுகிறேன் என்று பழைய கம்பெனியில் கேட்டதற்கு, வேலையை அடுத்தவரிடம் கைமாற்றும் கேடி முடியவில்லை, கிளையன்ட்டிடம் ரிலீஸ் தேதி சொல்லியாகிவிட்டது என்று மறுத்துவிட்டார்கள். பை-அவுட் என்பது நமக்கிருக்கும் உரிமை மாதிரி பலர் நினைக்கிறார்கள், பெரும்பாலான லெட்டர்களில் மேனேஜ்மென்ட் சம்மதித்தால்தான் என்று எழுதியிருக்கும். புது இடத்து ரெக்ரூட்டரிடம் கட்-ஆஃபுக்கு விலக்கு கேட்டேன். "சிஸ்டமே ஜாயினிங் டேட்டைப் பார்த்துத்தான் லிஸ்ட் எடுக்கும் சார், எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். இதை நான் நம்புகிறேன், ஒருவருக்காக அந்தத் தேதியைத் தளர்த்துவது ரெக்ரூட்டர் கையில் இல்லாத விஷயம்.

ஆனால் ஃபிக்ஸட் தொகை அவர் கையில் ஓரளவு இருக்கும், லெட்டர் வெளியாவதற்கு முன்புவரை. அதற்கு அப்புறம் ஒரு ரூபாய் மாற்றினாலும் மறுபடி அப்ரூவல் போகவேண்டும், யாரும் அதைத் தொட விரும்பமாட்டார்கள். அதனால் 60,000 ஃபிக்ஸடில் ஏற்றித் தரச் சொன்னேன், காரணத்தையும் கணக்கையும் சேர்த்தே சொன்னேன். அவர்கள் 75,000 ஜாயினிங் போனஸ் தருவதாகச் சொன்னார்கள். பார்க்க அதுதான் பெரிய தொகை. ஆனால் போனஸ் ஒரே முறைதான், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கட்டவேண்டும், அடுத்த ஹைக் சதவீதம் அதன் மேல் ஏறாது. ஃபிக்ஸடாகவே வேண்டும் என்று நின்றதில் 50,000-க்கு ஒத்துக்கொண்டார்கள். ஒரு வருடத்தில் விட்டுவிடப்போவதில்லை என்பவருக்கு ஃபிக்ஸட் குறைவாக இருந்தாலும் அதுதான் சரி என்பது என் கணக்கு.

பேசியதையெல்லாம் மெயிலில் போட்டு "சரியா?" என்று கேட்டு "யெஸ்" வாங்கினேன். லெட்டரில் இன்கிரிமென்ட் மேனேஜ்மென்ட்டின் விருப்பப்படி என்றுதான் இருக்கும், அந்த வரியை மெயில் ஜெயிக்காது. ஆனால் தேதியும் ப்ரோ-ரேட்டா விதியும் எழுத்தில் இருந்தால், பின்னால் புது ஹெச்ஆர் வந்து வேறு மாதிரி சொல்லும்போது காட்ட ஏதாவது இருக்கும். (சேர்ந்த மாதத்தை வைத்தே ஒவ்வொருவருக்கும் தனியாக அப்ரைசல் நடத்தும் கம்பெனிகளும் உண்டு, அங்கே இந்தத் தலைவலியே கிடையாது.)

ப்ரமோஷன் விஷயத்தில் ரெக்ரூட்டரிடம் பாதிதான் கிடைக்கும். விதி அவருக்குத் தெரியும்: அந்தக் கிரேடில் குறைந்தது 24 மாதம், இரண்டு முழு சைக்கிளில் நல்ல ரேட்டிங். இதையும் அதே தேதியில் வைத்துப் பார்க்கவேண்டும். அக்டோபரில் சேர்ந்தால் 24 மாதம் முடிவது அக்டோபரில், ஆனால் ப்ரமோஷன் லிஸ்ட் ஏப்ரலில்தான் என்பதால் உண்மையில் 30 மாதம். முதல் ஆறு மாதத்துக்கு ரேட்டிங்கே கிடையாது என்பதால் ரேட்டிங் கணக்கிலும் அதே ஏப்ரல்தான் வருகிறது. டெசிக்னேஷனில் "லீட்" என்று போட்டுவிட்டுக் கிரேடில் ஒரு படி கீழே வைக்கும் பழக்கமும் உண்டு, அதனால் லெட்டரில் கிரேடு என்ன என்றும் கேட்டு வைத்தேன்.

மீதிப் பாதி டீம் மேனேஜரிடம்தான் இருக்கிறது. ரெக்ரூட்டரிடம் சொல்லி அவரோடு பத்து நிமிடம் வாங்கிக்கொண்டேன். "கிரைட்டீரியா என்ன?" என்று கேட்டால் அவரும் பாலிசியைத்தான் ஒப்பிப்பார், அதனால் "உங்க டீம்ல கடைசியா இந்தக் கிரேடிலிருந்து மேலே போனவர் எவ்வளவு காலம் இருந்தார் சார்?" என்று கேட்டேன். மூன்று வருடத்துக்கு மேல் என்றார். ரேட்டிங் நன்றாக இருந்தும் ப்ராஜெக்ட்டில் மேல் கிரேடுக்கு பில்லிங் இடம் காலியாகாததால் ஒரு சைக்கிள் தள்ளிப்போனதாம். கிளையன்ட் அந்த ரேட்டுக்குப் பணம் கொடுத்தால்தான் இடம் உருவாகும், இல்லையென்றால் வேறு ப்ராஜெக்ட்டுக்கு மாறிப் போய்த்தான் வாங்கவேண்டும் என்று அவரே சொன்னார். 30 மாதம் என்று நான் போட்டிருந்ததை அழித்துவிட்டு 42 என்று எழுதிக்கொண்டு, அந்தச் சம்பளத்துக்கு அத்தனை காலம் ஓட்டலாமா என்று பார்த்த பிறகே ஆஃபரை அக்செப்ட் செய்தேன்.