அம்மாவின் கை முறிந்த ஆறு கிழமைகள்

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கிணற்றடிப் பாசியில் அம்மா வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பிளாஸ்டர் போட்ட வைத்தியர், ஆறு கிழமைக்குக் கையால் எதையும் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். வீடு திரும்பும் வழியில் ஓட்டோவில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "நாளைக்குத் தம்பியை யார் முன்பள்ளியிலிருந்து கூட்டி வருவது?"

என் மகனுக்கு நான்கு வயது. இணுவிலில் எங்கள் வீட்டுக்குக் கிட்டவே அவனுடைய முன்பள்ளி இருக்கிறது. காலை எட்டரைக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு விடுவார்கள். அதற்குப் பிறகு நான் வேலையால் வரும்வரை அவனைக் குளிப்பாட்டி, சோறு தீத்தி, உறங்க வைத்தது எல்லாம் அம்மாதான். கணவர் மன்னாரில் வேலை. வார இறுதியில்தான் வருவார். நான் நகரத்திலுள்ள ஒரு கணக்கியல் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். இங்கிலாந்து வாடிக்கையாளர்களின் கணக்குகளைக் கணினியில் பதிந்து சரிபார்ப்பது என் பொறுப்பு.

முதலில் லீவைக் கணக்குப் பார்த்தேன். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய லீவும் உண்டு. என்னிடம் மிச்சம் இருந்தவை 9 வருடாந்த லீவும் 3 அமைய லீவும். மொத்தம் 12 நாள். ஆறு கிழமைக்கு வேண்டியதோ 30 வேலை நாள். லீவு சட்டம் தருவது. வீட்டிலிருந்து வேலை செய்வது நிறுவனம் சம்மதித்தால் மட்டுமே கிடைப்பது. அந்த வேறுபாட்டை நான் அப்போது சரியாக எண்ணிப் பார்க்கவில்லை.

திங்கள் இரவு முகாமையாளருக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். அம்மா விழுந்தது, முறிவின் தன்மை, கணவர் தூரத்தில் இருப்பது, பிள்ளையின் வயது என்று எல்லாவற்றையும் எழுதிவிட்டு, "அம்மா குணமாகும்வரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி தாருங்கள்" என்று முடித்தேன். புதன்கிழமை பதில் வந்தது. அனுதாபம் சொல்லியிருந்தார். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றும் எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்குக் காட்டாமல் குசினிக்குள் போய்விட்டேன்.

மனிதவளப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து அழாக்குறையாகச் சொன்னேன். அவர் என் மின்னஞ்சலைத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உங்களுக்கு ஏன் வேண்டும் என்பது இதில் இருக்கிறது. வேலை எப்படி நடக்கும் என்பது ஒரு வரிகூட இல்லை. 'குணமாகும்வரை' என்றால் எந்தத் திகதி? நீங்கள் கணினிக்கு முன்னால் இருக்கும்போது பிள்ளை யாருடைய கையில் இருக்கும்?"

கடைசிக் கேள்விதான் என்னை உலுக்கியது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்துவிடலாம் என்றுதான் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். நான்கு வயதுப் பிள்ளையுடன் அது நடக்காது. முகாமையாளருக்கும் இரண்டு பிள்ளைகள். அவருக்கு அது தெரியாமல் இருக்குமா?

வியாழன் முழுவதும் மணிக்கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அதிகாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை மகன் உறக்கம். அது ஒன்றரை மணி. முன்பள்ளியில் விட்டு வந்து எட்டே முக்காலிலிருந்து பதினொன்றேகால் வரை இரண்டரை மணி. பிறகு அவனைக் கூட்டி வந்து, குளிப்பும் சாப்பாடும். மதியம் ஒன்றரைக்கு அவன் உறங்கிவிடுவான். அதிலிருந்து மாலை ஐந்தரை வரை நான்கு மணி. அவன் எழும்பும் மூன்று மணிக்குக் கொக்குவிலிலிருந்து சின்னம்மா வந்து பார்ப்பார். எல்லாம் கூட்டினால் எட்டு மணி. ஜூன், ஜூலையில் இங்கே மதியம் ஒன்றரை என்றால் லண்டனில் காலை ஒன்பது. வாடிக்கையாளர்கள் கேள்வி அனுப்பத் தொடங்கும் நேரமும் என் நீண்ட அமர்வு தொடங்கும் நேரமும் ஒன்றாகவே விழுந்தன. அதைக் கண்டதும் மனதுக்கு ஒரு தெம்பு வந்தது.

மின்சாரம் அடுத்த கேள்வி. அன்று மாலை மெயின் சுவிட்சை நானே நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ரவுட்டர் உடனே அணைந்தது. மடிக்கணினி இரண்டு மணி நேரம் தாங்கியது. கைபேசி இணைப்பு அறைக்குள் ஒரு கோடுதான் காட்டியது. விறாந்தைச் சன்னல் கட்டில் வைத்தால் மூன்று கோடு. ஆகவே மேசையை அந்தச் சன்னலடிக்கு இழுத்துப் போட்டேன். சோளகக் காற்று தாள்களைப் பறக்கடித்தது. அம்மா இடது கையால் ஒரு பாக்குவெட்டியை எடுத்து வந்து அவற்றின் மேல் வைத்தார்.

இரண்டாவது மின்னஞ்சல் முதலாவதின் பாதி நீளம்தான். அதன் நடுப்பகுதி இது:

"ஜூன் 9 முதல் ஜூலை 18 வரை வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கிறேன். வேலை நேரங்கள் கீழே உள்ளன; அந்நேரங்களில் மகனை வேறொருவர் பார்ப்பார், அல்லது அவன் முன்பள்ளியிலோ உறக்கத்திலோ இருப்பான். 11.15 முதல் 1.30 வரை தொலைபேசியில் மட்டும் கிடைப்பேன். மூலப் பற்றுச்சீட்டுகளை வீட்டுக்குக் கொண்டுவர மாட்டேன். அவற்றுக்கான வேலையை வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு வந்து முடிப்பேன். முதல் இரண்டு கிழமைகளைப் பரீட்சார்த்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேலை பிந்தினால் மிச்ச நாட்களுக்குச் சம்பளமில்லாத லீவு கேட்பேன்."

வைத்தியரின் துண்டையும் இணைத்தேன். வெள்ளி காலை முகாமையாளர் அழைத்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: "வெள்ளிக்கிழமை பிள்ளை?" அன்று சின்னம்மா காலையிலிருந்தே நிற்பார் என்றேன். பத்து நிமிடத்தில் ஒப்புதல் எழுத்தில் வந்தது. வாய்ச் சொல்லோடு விட்டிருந்தால் பிறகு யாராவது கேட்கும்போது காட்ட ஒன்றும் இருந்திராது.

மூன்றாம் நாள் ஒரு பிழை நடந்தது. சின்னம்மாவின் பஸ் பிந்திவிட்டது. மகன் எழும்பி, வாடிக்கையாளருடன் பேசிக்கொண்டிருந்த என் மடியில் ஏறி அழத் தொடங்கினான். பேச்சை நிறுத்தி அரை மணி கழித்து அழைப்பதாகச் சொன்னேன். அந்த அரை மணியை அன்றே ஆறு மணிவரை இருந்து ஈடு செய்துவிட்டு, நடந்ததை முகாமையாளருக்கு எழுதினேன். அவர் வேறு வழியாக அறிந்திருந்தால் என் நேர அட்டவணை முழுவதையும் சந்தேகித்திருப்பார். அதன்பின் சின்னம்மா ஒரு பஸ் முந்தி வந்தார். நானும் நாள்தோறும் ஐந்தரைக்கு மூன்று வரி அனுப்பினேன்: முடிந்தது எது, மிச்சம் எது, எதற்காகக் காத்திருக்கிறேன். இரண்டு கிழமை முடிந்தபோது பரீட்சை பற்றி அவர் பேச்சே எடுக்கவில்லை. அடுத்த மாதக் கணக்கை எப்போது அனுப்பலாம் என்றுதான் கேட்டார்.

ஜூலை நடுவில் பிளாஸ்டரை வெட்டினார்கள். அம்மாவின் கை மெலிந்து, மணிக்கட்டு மடியாமல் விறைத்திருந்தது. துணி பிழிய முடியவில்லை. பிள்ளையைத் தூக்குவது பற்றி எண்ணவே முடியாது. பிளாஸ்டர் கழன்றால் எல்லாம் சரி என்று நான் கணக்குப் போட்டது தவறு. பதினெட்டாம் திகதி வரும்வரை காத்திராமல் பதினான்காம் திகதியே எழுதினேன்: இன்னும் இரண்டு கிழமை, காலையில் அலுவலகம், மதியத்துக்குப் பின் வீடு. இம்முறை ஒரு மணி நேரத்துக்குள் சம்மதம் வந்தது.

ஓகஸ்ட் முதல் திங்கள் வழமைபோல் அலுவலகம் போனேன். பதினொன்றரைக்கு அம்மா இடது கையால் அவனைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்து வந்ததாகவும், வழியில் ஐஸ்பழம் கேட்டு அவன் அடம்பிடித்ததாகவும் சின்னம்மா தொலைபேசியில் சொன்னார்.