சமையல் இல்லை, வாசம்தான்

கிளினிக்குக்குக் கர்ப்பமான மருமகளைக் கூட்டி வந்த ஒரு மாமியார் கேட்ட கேள்வியும் நான் சொன்ன பதிலும் இன்னும் மனதில் ஓடிக்கொண்டிருக்கின்றன. "அப்போ நான் சமைக்கிறது இவளுக்கு ஆகலன்றீங்களா, மிஸ்ஸி?" என்று கேட்டார். "உங்க சமையல் இல்லம்மா, அதோட வாசம்தான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், குரலையும் உயர்த்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

மருமகளுக்கு எட்டாவது வாரம், முதல் பிள்ளை. கர்ப்பத்துக்கு முன் 51 கிலோ இருந்தவள் அன்று தராசில் 49.2 காட்டினாள். நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். "சாப்பிடுறேன்" என்றாள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது எந்த மருமகளும் சொல்கிற பதில் இது. அதனால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, நேற்று விடிந்ததிலிருந்து வாய்க்குள் போனது என்ன, அதில் வயிற்றில் தங்கியது என்ன என்று ஒவ்வொரு வேளையாகக் கேட்டேன். இந்த வேலையில் நான் நம்புகிற கேள்வி இதுதான்.

புருஷன் எண்ணெய் ஆலையில் காலை ஷிப்ட். அவருக்காக இருட்டோடு எழுந்ததும் வெறும் வயிற்றில் மஞ்சள் தண்ணீராக வாந்தி. பால் தேநீர் குடித்தாள், அதுவும் வெளியே வந்தது. பத்து மணிவாக்கில் ஆசாம்போய் என்ற புளிப்பு உலர்பழம் போட்ட ஐஸ் தண்ணீர் தங்கியது. மத்தியானச் சோறு இரண்டு கவளம், உடனே வாந்தி. மூன்று மணிக்குக் கிரீம் கிராக்கர் இரண்டு, தங்கின. சாயங்காலம் பாசாரில் வாங்கிய சோயாப் பால் அரைப் பை, அதுவும் தங்கியது. ராத்திரி கறிக்குத் தாளிக்கும்போதே குமட்டல். படுக்கும் முன் இரும்புச்சத்து மாத்திரை, கால் மணி நேரத்தில் அதுவும் போய்விட்டது. சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில், நேற்று முழுக்க இரண்டு தடவைதான்.

இப்படி வரிசையாக வந்தால் வழி தானாகத் தெரியும். குளிர்ந்தது, புளித்தது, காய்ந்தது இவளிடம் தங்குகிறது. சூடானதும் ஆவி பறப்பதும் தாளித்ததும் தங்கவில்லை. சோறு வேகும் வாசம் வந்தாலே வாசலுக்கு ஓடிவிடுவேன் என்று அவளே மெதுவாகச் சொன்னாள். இப்போது இருக்கும் தாமான் குடியிருப்பு வீட்டில் அடுப்படிக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருப்பது ஒரு திரைச்சீலைதான். பழைய தோட்டத்து லயத்தில் அடுப்பு பின்கட்டில் இருந்தது, புகையும் வாசமும் அப்படியே வெளியே போய்விடும். அதோடு காற்று திரும்பும் நாளில் ஆலைக் கழிவுக் குளத்து நாற்றமும் வீட்டுக்குள் வந்துவிடும். அதை யாரும் நிறுத்த முடியாது. அடுப்பை மாற்றலாம். அதனால்தான் மாமியாரிடம், கொஞ்ச நாளைக்குச் சோற்றையும் தாளிப்பையும் பின்னால் வெளியடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தக் கேள்வி வந்தது அப்போதுதான்.

வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று பல தடவை யோசித்துவிட்டேன். சமையலைப் பற்றிப் பேசாமல் அந்தப் பெண்ணுக்கு வழி சொல்லவே முடியாது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசியிருக்கலாம்தான். ஆனால் வீட்டில் அடுப்பு அவர் கையில். அவர் கேட்காத அறிவுரை அந்த வீட்டில் நடக்காது. அப்படி நடக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணிடம் தனியாக எல்லாம் சொல்லி அனுப்பினேன், அடுத்த வாரம் முன்னைவிட இளைத்து வந்தாள். "வீட்ல கேட்கல மிஸ்ஸி" என்றாள்.

அந்த அம்மாவின் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. "நான் நாலு பெத்தேன். நாலுக்கும் ரப்பர் பால் வெட்டிக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு மட்டும் எந்த வாசமும் தெரியலயா?" என்றார். பொய் இல்லை, அவருக்குத் தெரிந்திருக்காது. நச்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் கலக்கும் ஜிடிஎஃப்15 என்ற ஹார்மோன்தான் இந்தக் குமட்டலுக்கு முக்கியக் காரணம் என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. கர்ப்பத்துக்கு முன்பே அந்த ஹார்மோன் உடம்பில் கொஞ்சம் கூடுதலாக இருந்து பழகிய பெண்களுக்கு அது திடீரென்று ஏறும்போது அவ்வளவாகத் தாக்காது. குறைவாக இருந்தவர்களைப் புரட்டி எடுத்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் இரண்டு மாதிரி இருப்பதற்கு மன உறுதியோ செல்லமோ காரணம் இல்லை. இதைத் தமிழில் எளிதாகத்தான் சொன்னேன். அவர் காதில் ஏறியதா தெரியவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டேன். பால் வெட்டப் போன காலத்தில் விடியற்காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போவீர்கள் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "என்னத்த, பழைய கஞ்சிதான். வெங்காயம், உப்பு, இருந்தா வறுத்த நெத்திலி" என்றார். மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். "அது குடிக்கலாம் போல இருக்கு அத்தை" என்றாள்.

குளிர்ந்த கஞ்சியில் ஆவி இல்லை, வாசமும் குறைவு. மோர் விட்டால் புளிப்பு வரும், உப்பு இருக்கிறது, தண்ணீரும் சேர்கிறது. ஆனால் அந்தக் காலம்போல ராத்திரி முழுக்க மேசையில் வைக்க வேண்டாம் என்றேன். நம் ஊர் வெக்கையில் ஆறிய சோற்றில் கிருமி பெருகும், அதில் சில நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. சோறு ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்து மறுநாளே முடித்துவிட வேண்டும்.

மீதியைக் கிளினிக் டாக்டரோடு பேசி முடிவு செய்தோம். படுக்கைத் தலைமாட்டில் கிரீம் கிராக்கர் டப்பா. கண் விழித்ததும் எழாமல் இரண்டைக் கடித்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழ வேண்டும். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும், நிரம்பிய வயிறும் கூட்டும். அதனால் மூன்று வேளைச் சாப்பாட்டை மறந்துவிட்டு, ஒன்றரை இரண்டு மணிக்கொரு தடவை நாலு வாய். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி இடைவெளி விட்டுக் குடிக்கட்டும், அதுவும் மடக்கென்று இல்லை, வாய் நனைகிற மாதிரி அடிக்கடி. சோயாப் பால் தங்குவதால் புரதத்துக்கு அதையே பிடித்துக்கொண்டோம், கூடவே தயிரும் வறுத்த கடலையும். முட்டை வாசம் ஆகவில்லை, விட்டுவிட்டோம். வாந்தி எடுத்ததும் பல் துலக்காமல் வாயை மட்டும் கொப்பளிக்கச் சொன்னேன், வயிற்று அமிலம் பட்டிருக்கும்போது தேய்த்தால் பல் எனாமல் கரையும்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11.8 இருந்ததால் இரும்புச்சத்து மாத்திரையை டாக்டர் கொஞ்ச காலம் நிறுத்தினார். அது குமட்டலைக் கூட்டும், வாந்தியில் போகிற மாத்திரையால் யாருக்கும் லாபமில்லை. ஃபோலிக் அமிலத்தை மட்டும் விடக் கூடாது, எந்த நேரத்தில் தங்குகிறதோ அந்த நேரத்தில் போடட்டும் என்றார். அவளுக்கு அது சாயங்காலம். குமட்டலுக்கு வைட்டமின் பி6 எழுதிக் கொடுத்தார்.

"பிஸ்கட்டும் சோயாவும் தின்னா புள்ளைக்குச் சத்து எங்கிருந்து போகும்?" என்று மாமியார் கேட்டார். இந்த வாரங்களில் பிள்ளை கட்டைவிரல் அகலம்கூட இல்லை, அதற்குத் தேவையானது சொற்பம், தாயின் உடம்பில் இருக்கும் சேமிப்பே பெரும்பாலும் போதும் என்றேன். இதைச் சொல்லும்போது எனக்கும் ஒரு தயக்கம் இருந்தது. கொஞ்சம் சாப்பிட்டால் போதும் என்று சொல்வதை, சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டுக்கொள்பவர்கள் உண்டு.

ஆகவே எல்லையையும் சொல்லி அனுப்பினேன். பழைய எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அது சாதாரண மசக்கை இல்லை. அவளுக்கு அந்தக் கணக்கு 48 கிலோ 450 கிராம், அதற்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரம் சிறுநீர் போகவில்லை, எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் தராசைப் பார்க்கவும் வேண்டாம், கிளம்பிவிடுங்கள். வயிற்று வலியோ காய்ச்சலோ சேர்ந்தால் அது வேறு நோயாகவும் இருக்கலாம்.

வெளியே காத்திருந்த புருஷன், தனியார் கிளினிக்கில் தண்ணீர் ஏற்றிவிடலாமா என்று கேட்டார். இங்கே எல்லாருக்கும் அதில் ஒரு நம்பிக்கை. ஏற்ற வேண்டிய நிலை வந்தால் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவளுக்கு வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது ஆபத்து. சர்க்கரையை எரிக்க உடம்புக்கு வைட்டமின் பி1 வேண்டும், அதன் சேமிப்பு சில வாரங்களில் தீர்ந்துவிடும். அது இல்லாமல் சர்க்கரை மட்டும் போனால் மூளை பாதிக்கப்பட்டுப் பார்வை தடுமாறும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். அதனால் முதலில் பி1, ஏற்றுவதும் உப்புத் தண்ணீர். இதைத் தயங்காமல் கேளுங்கள் என்றேன்.

இன்னொரு சந்தேகமும் விடவில்லை. அன்றே மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டுமோ? சிறுநீர் நிறம் சரியில்லைதான். ஆனால் எடை எல்லைக்குள் இருந்தது, மூன்று பொருள் தங்கின, டாக்டரும் வீட்டிலேயே பார்க்கலாம் என்றார். சீக்கிரமே திரும்ப வரச் சொன்னேன். வந்தாள். எடை 49.0, சிறுநீர் வெளிறியிருந்தது. அதற்கடுத்த தடவை 49.4. கஞ்சி தங்குகிறது, மோர் தங்குகிறது என்றாள்.

மாமியார் வரவில்லை. எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "சோறு வெளியிலதான் வடிக்கிறாங்க மிஸ்ஸி. கஞ்சியும் அவங்கதான் எடுத்து வைப்பாங்க. ஆனா எங்கிட்ட அவ்வளவா பேசறதில்ல" என்றாள். நாலு பிள்ளைகளை ஆளாக்கிய கை, தான் சமைத்ததை மருமகள் முகம் சுளித்துத் தள்ளுகிறாள் என்பதையே தாங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் காரணம் வாசம் என்று வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தி வேறு சொல்லிவிட்டாள். பழைய கஞ்சிக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு அடுப்புப் பேச்சை அப்புறம் எடுத்திருந்தால் அவருக்கு இலேசாக இருந்திருக்குமோ என்று தோன்றும். உடனே, அப்போதும் ஒரு கட்டத்தில் வாசம் என்று சொல்லித்தானே ஆக வேண்டும் என்றும் தோன்றும்.

பதினேழாவது வாரம் தாண்டியதும் குமட்டல் அடங்கி, இரும்புச்சத்து மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாள். சோறு சாப்பிடுகிறாள், பொரித்த மீன் மட்டும் இன்னும் ஆகவில்லை. போன தடவை வந்தபோது அடுப்பு உள்ளே வந்துவிட்டதா என்று கேட்டேன். இல்லை, அத்தை வெளியிலேயே வைத்துக்கொள்கிறார்கள், நான் சொல்லியும் கேட்கவில்லை என்றாள். அது அக்கறையா கோபமா என்று அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. புத்தகத்தில் எடையை எழுதி, அடுத்த தேதியைப் போட்டு, அத்தையையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.