கேட் சிஎஸ் எழுதப் போறவங்களுக்கு: மெர்ஜ் கேள்வியில மிச்சத்தை எண்ணுங்க

ரிசல்ட் வந்துடுச்சு, எதிர்பார்த்த ராங்க் கிடைச்சிருக்கு, இப்பதான் நிம்மதியா தூங்குறேன். டைம்டேபிள், புக் லிஸ்ட் எல்லாம் நிறைய பேர் எழுதிட்டாங்க, நான் அல்காரிதம்ல எனக்குக் கைகொடுத்த ஒரே விஷயத்தை மட்டும் சொல்றேன்.

m நீளமுள்ள A, n நீளமுள்ள B, இந்த ரெண்டு சார்ட்டட் லிஸ்ட்டையும் C-ல மெர்ஜ் பண்ற கோடு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்:

```c
while (i < m && j < n)
    C[k++] = (A[i] <= B[j]) ? A[i++] : B[j++];
while (i < m) C[k++] = A[i++];
while (j < n) C[k++] = B[j++];
```

i, j ரெண்டும் முன்னாடி மட்டும்தான் போகும், பின்னாடி வரவே வராது, ஏன்னா ரெண்டு லிஸ்ட்டோட முன்வரிசையில எது சின்னதோ அதைவிடச் சின்னது மீதியில எங்கயும் இருக்க முடியாது. அதனாலதான் ஒரே ஓட்டத்துல வேலை முடியுது.

இப்ப முக்கியமான இடம். கம்பேரிசன் நடக்குறது முதல் லூப்ல மட்டும்தான், ஒவ்வொரு கம்பேரிசனுக்கும் ஒரு எண் C-க்குள்ள போகுது. ஒரு லிஸ்ட் தீர்ந்ததும் மிச்சம் இருக்கிறது எந்த கம்பேரிசனும் இல்லாம அப்படியே காப்பி ஆகும். ஆக கம்பேரிசன் எண்ணிக்கை = m + n − மிச்சம். இதை மனசுல ஏத்திக்கிட்டா ட்ரேஸே போட வேண்டாம்.

A = 2, 5, 9, 20, B = 3, 5, 7 எடுத்துக்கோங்க. B-ல கடைசி 7, A-ல அதுக்கு மேல 9, 20 ரெண்டும் மிச்சம், ஆக 4 + 3 − 2 = 5. நம்பலைன்னா போட்டுப் பாருங்க: 2-3, 5-3, 5-5, 9-5, 9-7, சரியா 5தான். ஆப்ஷன்ல m + n − 1 = 6 கண்டிப்பா இருக்கும், அது மோசமான கேஸுக்கு மட்டும், அதாவது மிச்சம் ஒண்ணே ஒண்ணு இருக்கும்போது.

கவனிக்க வேண்டியது:

- கடைசி எண் ரெண்டுலயும் சமமா இருந்தா `<=`-ல A-வோடது முதல்ல போயிடும், B-யோடதுதான் மிச்சம். `<` போட்டிருந்தா அப்படியே தலைகீழ், ஸ்டேபிலிட்டியும் போச்சு.
- ஒரு லிஸ்ட் முழுக்க மத்ததை விடச் சின்னதா, அதுவே சின்ன லிஸ்ட்டாவும் இருந்தா கம்பேரிசன் min(m, n) மட்டும்தான்.

2014 பேப்பர்ல 20, 24, 30, 35, 50 நீளமுள்ள அஞ்சு சார்ட்டட் லிஸ்ட்டை ரெண்டு ரெண்டா மெர்ஜ் பண்ண மோசமான கேஸ்ல எத்தனை கம்பேரிசன்னு கேட்டிருந்தாங்க. எப்பவும் சின்னது ரெண்டை எடுத்துச் சேக்கணும்: 44, 65, 94, 159. கூட்டினா 362. பல பேர் இங்கயே நிறுத்திடுவாங்க. நாலு மெர்ஜ், ஒவ்வொண்ணுலயும் மிச்சம் ஒண்ணு, அதைக் கழிச்சா 358. இந்த ஒரு கணக்கை மட்டும் பேப்பர்ல ஒரு தடவை கையால போட்டுப் பாருங்க.