ரத்தான ஆர்டர், காலாவதியான புள்ளிகள்: சோதித்துப் பார்த்த அனுபவம்

லாயல்டி புள்ளிகள் சேர்வதைச் சோதிப்பது எளிது. காலாவதியாவதையும் தனியாகச் சோதித்துவிடலாம். ஆர்டர் ரத்தானால் புள்ளிகள் திரும்புகின்றனவா என்பதும் தனியாகப் பார்த்தால் பெரிய வேலையில்லை. இந்த மூன்றும் ஒரே வாடிக்கையாளரின் கணக்கில், ஒரே வாரத்தில் நடக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. எங்கள் குழு ஓர் இணையக் கடைக்காகப் புள்ளிகள் பகுதியைப் புதிதாக எழுதியது. அதைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் அதிக நேரத்தை எடுத்துக்கொண்ட ஒரே ஒரு நிலைமையை இங்கே விரிவாகச் சொல்கிறேன்: புள்ளிகளைச் செலவழித்து வாங்கிய ஆர்டர், அந்தப் புள்ளிகளின் காலம் முடிந்த பிறகு ரத்தாவது.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, திரையில் தெரியும் இருப்பு ஒற்றை எண்ணாக எங்கும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு முறை புள்ளி சேரும்போதும் அது தனித் தொகுதியாகப் பதிவாகிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் அதற்கென்று ஒரு காலாவதி நாள் உண்டு. செலவழிக்கும்போது எது முதலில் காலாவதியாகுமோ அதிலிருந்து எடுக்கப்படுகிறது. சேர்ந்தது, செலவானது, காலாவதியானது, திரும்பியது என எல்லாம் பேரேட்டில் ஒவ்வொரு வரியாக எழுதப்படுகின்றன. ஆகவே இருப்பு 500 என்று திரை காட்டுவதை மட்டும் பார்த்துவிட்டுச் சோதனை சரி என்று எழுதக் கூடாது. எந்தத் தொகுதியில் எவ்வளவு, எந்த நாள் வரை என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருந்து, உள்ளே நாட்கள் எல்லாம் தவறாக இருந்த நிலைகளை நான் நிறையப் பார்த்தேன்.

அடுத்த தடை காலம். மாதக்கணக்கில் காத்திருந்து சோதிக்க முடியாது. தரவுத்தளத்தில் தேதிகளைக் கையால் பின்னுக்குத் தள்ளுவது பலரும் பிடிக்கும் குறுக்கு வழி. ஆனால் தொகுதியின் தேதியை மாற்றி, பேரேட்டு வரியின் தேதியை மாற்ற மறந்தால், உண்மையில் ஒருபோதும் உருவாக முடியாத ஒரு கணக்கைத்தான் சோதித்துக்கொண்டிருப்போம். எனவே நிரல் முழுவதும் ஒரே கடிகாரத்திடம் நேரம் கேட்க வேண்டும், அந்தக் கடிகாரத்தைச் சோதனை நகர்த்த முடிய வேண்டும் என்று கேட்டுப் பெற்றேன். கேட்டது கிடைத்த பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. இரவில் ஓடும் காலாவதி வேலை, நாங்கள் நகர்த்திய கடிகாரத்தைப் பார்க்காமல், தரவுத்தளத்தின் `CURRENT_DATE` சொல்வதையே கேட்டுக்கொண்டிருந்தது. கடிகாரத்தை ஏப்ரலுக்கு நகர்த்தியும் எதுவும் காலாவதியாகவில்லை என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த வேலையையும் எங்கள் கடிகாரம் தரும் `:today` தேதியைக் கேட்கும்படி மாற்றிய பிறகே மேலே போனேன்.

இனி அந்த நிலைமை. வாடிக்கையாளரிடம் இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. முதல் தொகுதியில் 300 புள்ளிகள், மார்ச் 31 வரை செல்லும். இரண்டாவதில் 500, ஜூன் 30 வரை செல்லும். மார்ச் 28 அன்று 4,200 ரூபாய் மதிப்புள்ள ஆர்டருக்கு அவர் 400 புள்ளிகளைப் பயன்படுத்துகிறார். ஒரு புள்ளிக்கு 1 ரூபாய் கழிவு. முதல் தொகுதியின் 300 முழுவதும் போய், இரண்டாவதிலிருந்து 100 போகிறது. மீதி 3,800ஐப் பணமாகச் செலுத்துகிறார். 20 ரூபாய்க்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் 190 புதிய புள்ளிகள் நிலுவையில் சேர்கின்றன. ஏப்ரல் 2 அன்று அவரே ஆர்டரை ரத்து செய்கிறார். இப்போது அவர் கணக்கில் எவ்வளவு இருக்க வேண்டும்?

400ஐயும் திருப்பிக் கொடுத்து 800 என்று காட்ட வேண்டும் என்றார் நிரலாளர். விதிமுறையில் அப்படி எங்கும் எழுதியிருக்கவில்லை, அதற்கு மாறாகவும் எழுதியிருக்கவில்லை. விடையை நான் வேறு வழியில் தேடினேன். அதே இரண்டு தொகுதிகளோடு இன்னொரு கணக்கை உருவாக்கினேன். இந்த இரட்டைக் கணக்கு எதையும் வாங்காது. இரண்டு கணக்குகளுக்கும் ஒரே நாட்காட்டியை ஓட்டினேன். ஏப்ரல் 1 பிறந்ததும் இரட்டையின் 300 காலாவதியாகி 500 மிஞ்சியது. வாடிக்கையாளர் தானே ரத்து செய்த ஆர்டர், அவரை ஆர்டரே கொடுக்காத நிலையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அப்படியானால் சரியான விடை 500. வணிகக் குழுவிடம் இந்த ஒப்பீட்டைக் காட்டியதும் அவர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். எதிர்பார்க்கும் விடையை நானே கணக்கிட்டு எழுதுவதைவிட, இன்னொரு கணக்கை அருகில் ஓட்டி அதையே விடையாக வைத்துக்கொள்வது எவ்வளவு உறுதியானது என்பது எனக்கு அன்று விளங்கியது.

சோதனையை ஓட்டியபோது எங்கள் நிரல் 800 காட்டியது. அதுகூடப் பரவாயில்லை, மறுநாள் இரவு சரியாகிவிடும் என்று நினைக்க இடமிருந்தது, ஏனென்றால் திரும்பிய 300 அதன் பழைய தொகுதிக்கே, மார்ச் 31 என்ற பழைய தேதியோடு போயிருந்தது. கடிகாரத்தை ஒரு நாள் நகர்த்தினேன். 800. ஒரு மாதம் நகர்த்தினேன். அப்போதும் 800. அந்த 300 சாகவே மறுத்தது. காரணம் இரவு வேலையின் இந்த வரியில் இருந்தது:

```sql
SELECT id FROM lots
WHERE expires_on = :today - 1
  AND remaining > 0;
```

நேற்றோடு காலம் முடிந்த தொகுதிகளை மட்டுமே இது எடுக்கிறது. ஏப்ரல் 1 அதிகாலையில் இது ஓடியபோது முதல் தொகுதியில் மீதி 0. ஏப்ரல் 2 அன்று 300 திரும்பி வந்தது. மார்ச் 31 என்ற தேதியை இந்த வேலை இனி ஒருபோதும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இருப்பைக் கூட்டும் நிரலோ, செலவழிக்கும் நிரலோ காலாவதி நாளைப் பார்க்கவேயில்லை, இரவு வேலை எல்லாவற்றையும் துடைத்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தன. அதனால் அந்தப் புள்ளிகளை வைத்துப் பொருளும் வாங்க முடிந்தது. ஏதாவது ஓர் இரவு அந்த வேலை ஓடாமல் போனாலும் இதே விளைவுதான்: அன்றைக்கு எடுத்திருக்க வேண்டிய தொகுதிகள் அனைத்தும் சாகாத புள்ளிகளாகிவிடும்.

திருத்தம் சிறியது.

```sql
WHERE expires_on < :today
  AND remaining > 0;
```

`:today` நாங்கள் நகர்த்தும் கடிகாரத்திலிருந்து வருகிறது. இதோடு, இருப்பைக் கூட்டும்போதும் செலவழிக்கும்போதும் காலாவதி நாள் சரிபார்க்கப்பட வேண்டும் என்றும் கேட்டேன். ரத்து நடந்த நேரத்திலிருந்து இரவு வேலை ஓடும் வரையிலான சில மணி நேரம்கூட அந்த 300 செலவாகக் கூடாது. பேரேட்டில் 300 திரும்பியது என்று ஒரு வரியும், 300 காலாவதியானது என்று அதற்கு அடுத்த வரியும் எழுதச் சொன்னேன். இரண்டையும் எழுதாமல் விட்டாலும் இருப்பு 500தான் வரும். ஆனால் வாடிக்கையாளர் என் 300 எங்கே என்று கேட்கும்போது உதவி மையத்தில் இருப்பவர் காட்டுவதற்கு ஒரு வரியும் இருக்காது.

ரத்து செய்தது கடையாக இருந்தால் கதை வேறு. பொருள் இருப்பில் இல்லை என்று கடை கைவிரித்து, அதனால் வாடிக்கையாளரின் 300 காலாவதியானால் அது அநியாயம். அத்தகைய ரத்தில் திரும்பும் புள்ளிகளுக்கு 30 நாள் அவகாசம் கொடுப்பது என்று முடிவானது. நம் கணக்கில் அது மே 2. இங்கே நான் விடாமல் சோதித்தது, யார் ரத்து செய்தார்கள் என்பதை எது தீர்மானிக்கிறது என்பதை. வாடிக்கையாளர் உதவி மையத்தை அழைத்துக் கேட்டுக்கொண்டால், ரத்து செய்யும் பொத்தானை அழுத்துபவர் கடையின் ஊழியர். நிரல் அதைக் கடையின் ரத்து என்றே பதிவு செய்தது. அப்படியானால் காலம் முடியப்போகும் நாளில் ஆர்டர் கொடுத்து, பிறகு அழைத்து ரத்து செய்யச் சொன்னால் 30 நாள் கிடைக்கும். மறுபடி செய்தால் இன்னும் 30 நாள். ஊழியர் காரணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும், ஒரு தொகுதிக்கு அவகாசம் ஒருமுறைதான் என்ற இரண்டு விதிகளும் இந்தச் சோதனையிலிருந்து பிறந்தவை.

புதிதாகச் சேர்ந்த 190ஐத் திரும்ப எடுப்பது ஒப்பீட்டில் எளிது, அது நிலுவையில் இருக்கும் வரை. ரத்துச் செய்தி இரண்டு முறை வந்தாலும் ஒருமுறைதான் கழிய வேண்டும். ரத்துச் செய்தி முந்திக்கொண்டு வந்து, சேர்ப்புச் செய்தி பிந்தி வந்தாலும் புள்ளி சேரக் கூடாது. இவை இரண்டுக்கும் சோதனை எழுதிவிட்டு நகர்ந்தேன்.

பகுதி ரத்தில் கொஞ்சம் நின்றேன். அதே ஆர்டரில் 1,400 ரூபாய் வீதம் மூன்று பொருட்கள் என்று வைத்துக்கொள்வோம். 400 புள்ளிகளை மூன்றாகப் பிரித்தால் முழு எண் வராது. ஒவ்வொரு பொருளுக்கும் 133 என்று திருப்பினால் மூன்றும் ரத்தான பிறகு 399தான் திரும்பியிருக்கும். 134 என்றால் 402 ஆகிவிடும். இதுவரை ரத்தானவற்றுக்கு மொத்தம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று பின்னத்தை விட்டுக் கணக்கிட்டு, ஏற்கெனவே திரும்பியதைக் கழிக்கும் முறை சரிவந்தது: 133, 133, 134. ஒவ்வொன்றாக ரத்து செய்த கணக்கையும் ஒரேயடியாக ரத்து செய்த கணக்கையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் இதற்கான சோதனை.

இரட்டைக் கணக்கு எனக்கு இவ்வளவு உதவியதால் அதை எல்லா இடத்திலும் ஓட்டினேன். ஓரிடத்தில் அது நிரல் சரியாக இருந்தும் தோற்றது. மார்ச் 28 ஆர்டருக்கும் ஏப்ரல் 2 ரத்துக்கும் நடுவே, மார்ச் 30 அன்று வாடிக்கையாளர் இன்னோர் ஆர்டருக்கு 200 புள்ளிகளைச் செலவழிக்கிறார். முதல் தொகுதி காலியாகிவிட்டதால் இந்த 200 இரண்டாவதிலிருந்து போகிறது, அங்கே 200 மிஞ்சுகிறது. முதல் ஆர்டர் ரத்தானதும் 100 அங்கே திரும்புகிறது, 300 காலாவதியாகிறது. இறுதியில் அவரிடம் 300. முதல் ஆர்டரைக் கொடுக்காத இரட்டையோ, அந்த 200ஐச் சாகப்போகிற முதல் தொகுதியிலிருந்து எடுத்திருக்கும். அதன் மீதி 100 மட்டுமே காலாவதியாகி, இரண்டாவது தொகுதி தொடாமல் 500 இருக்கும். ஒவ்வோர் அடியும் விதிப்படி நடந்தும் வாடிக்கையாளருக்கு 200 நட்டம்.

கணக்கை மார்ச் 28லிருந்து மறுபடி எழுதிவிடலாம் என்பது ஒரு யோசனை. வாடிக்கையாளர் ஏற்கெனவே பார்த்துவிட்ட பேரேட்டு வரிகளை மாற்றுவதில் எனக்குச் சம்மதமில்லை, வணிகக் குழுவுக்கும் இல்லை. கடைசியில், ரத்தின்போது காலாவதியாகிற தொகுதி உயிரோடு இருந்த நாட்களில் வேறு செலவு நடந்திருந்தால், அந்த அளவுக்கு இரண்டாவது தொகுதியின் தேதியோடு ஒரு சரிக்கட்டும் வரி சேர்ப்பது என்று முடிவு செய்தோம். நம் கணக்கில் 200, ஜூன் 30 வரை. அந்த வரி எழுதப்பட்டதும் இரண்டு கணக்குகளும் 500இல் வந்து நின்றன.